பதினான்காவது தாள்

சுப்ரமணியன் சார் சேலையூர்ப் பள்ளியொன்றில் முப்பத்திரண்டு வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவர். வீட்டில் ஒரு காகிதமும் அவர் கண்ணுக்குத் தப்பிப் போனதில்லை. கேஸ் ரசீதிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எல்லாவற்றுக்கும் ஒரு கோப்பு, ஒவ்வொரு கோப்புக்கும் முதல் பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஒரு பட்டியல், ஒவ்வொரு தாளின் மூலையிலும் சிவப்பு மையில் ஓர் எண். மனைவி பாலாம்பாள், "என்னையும் ஒரு நாள் பஞ்ச் பண்ணி ஃபைல்ல போட்டுடுவார்" என்பாள். அந்தப் பழக்கத்தால் பிழைத்த காரியங்கள் பல. கெட்டதும் உண்டு, அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரே மகன் நிகிலுக்குப் பதினாறு வயதில் கழுத்தில் கட்டி வந்தது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்றார்கள், நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய். ஆறு சுற்று கீமோ, பிறகு கழுத்துக்கும் நெஞ்சுக்கும் கதிர்வீச்சு. பையன் பிழைத்துக்கொண்டான். படித்தான், சிறுசேரியில் வேலைக்குப் போனான், சின்மயியைக் கைப்பிடித்தான். பெண் வீட்டாரிடம் நோயை மறைக்கவில்லை. இந்த ஊரில் எத்தனை பேருக்கு அந்த நெஞ்சுரம் இருக்கும் என்று சுப்ரமணியனுக்கு உள்ளூரப் பெருமை.

இப்போது நிகிலுக்கு இருபத்தொன்பது. கம்பெனியின் வருடாந்திரப் பரிசோதனையில் ஈசிஜியைப் பார்த்த டாக்டர், சின்ன வயதில் என்ன மருந்து, எவ்வளவு ஏறியது என்று கேட்டிருக்கிறார். நிகிலுக்குத் தெரியாது. "அப்பாகிட்ட ஃபைல் இருக்கு" என்று மட்டும் தெரியும். பழைய ஆஸ்பத்திரியில் அத்தனை வருஷத்துக் காகிதம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். ஆகவே தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில், புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கென்று வியாழக்கிழமைதோறும் நடக்கும் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஜஹீரா என்கிற நர்ஸ் பழைய காகிதங்களைப் படித்து, என்ன சிகிச்சை நடந்தது, இனி எந்தப் பரிசோதனையை எப்போது செய்ய வேண்டும், எந்தப் பின்விளைவு வரக்கூடும் என்று ஒரு திட்டம் எழுதித் தருவாள். நிகிலுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் போய்த் தருகிறேன் என்று கோப்பை எடுத்துக்கொண்டு சுப்ரமணியனே கிளம்பினார்.

கிளம்புவதற்கு முன்தினம் சாயங்காலம் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி, பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைத்தார். பதினான்காவது தாள்.

ஜஹீராவுக்கு நாற்பது வயதிருக்கும். கோப்பைத் திறந்ததும் அவள் முகம் மலர்ந்தது. பிளாஸ்டிக் பையில் கசங்கிய சீட்டுகளைக் கொட்டுபவர்களையே பார்த்துச் சலித்தவள். "சார், இந்த மாதிரி ஒரு ஃபைலை நான் பார்த்ததே இல்ல" என்றாள். சுப்ரமணியனுக்கு நாற்காலி ஒரு அங்குலம் உயர்ந்தது.

கூட்டல் ஆரம்பித்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மருந்தும் எத்தனை மில்லிகிராம், அதை உடலின் பரப்பளவால் வகுத்தால் எவ்வளவு என்று அவள் படிக்க, அவர் தாளே இல்லாமல் மனக்கணக்காகச் சொன்னார். சிவப்பு மருந்தான டாக்ஸோரூபிசின் நூற்றைம்பது. அது இதயத்தைத் தொடும் மருந்து, நெஞ்சுக்குக் கதிர்வீச்சும் கொடுத்திருப்பதால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எக்கோ என்று எழுதினாள். கழுத்துக்குக் கதிர்வீச்சு, ஆகவே வருஷா வருஷம் தைராய்டு பரிசோதனை. ப்ளியோமைசின் நுரையீரலைத் தாக்கக்கூடியது, ஏதாவது ஆபரேஷன் என்றால் மயக்கமருந்து டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். சைக்ளோஃபாஸ்பமைடு மூவாயிரத்து அறுநூறு என்று அவள் எழுதப் போக, சுப்ரமணியன் தடுத்தார். ஐந்தாம் சுற்றில் எட்டாம் நாள் ஊசி சார்ட்டில் இருக்கிறது, ஆனால் ரத்த அணுக்கள் குறைந்ததால் அன்று போடவில்லை, இருபத்திரண்டாம் தாளைப் பாருங்கள் என்றார். பார்த்தாள். மூவாயிரம் என்று திருத்தினாள். போட நினைத்ததை அல்ல, போட்டதைத்தான் எழுத வேண்டும், சார் ஒரு பெரிய தப்பிலிருந்து காப்பாற்றினார் என்றாள்.

கடைசியாக புரோகார்பசின் மாத்திரை. நூறு, பதினான்கு நாள், ஆறில் மூன்று சுற்று. "நாலாயிரத்து இருநூறு" என்றார் சுப்ரமணியன், சரியான விடை சொன்ன மாணவனின் குரலில்.

ஜஹீராவின் பேனா நின்றது. அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. தாளை ஒளித்தவர், மருந்து தானே பேசும் என்று யோசிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த மனிதர், சோற்றைத் தன் கையாலேயே கிளறிக் காட்டிவிட்டார்.

சைக்ளோஃபாஸ்பமைடும் புரோகார்பசினும் சேர்ந்து இந்த அளவு ஏறினால் ஆண்களுக்குக் குழந்தைப் பேறு போவதற்கு வாய்ப்பு அதிகம் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். நிகிலுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். மூன்று வருஷம் என்றார். குழந்தை? இல்லை என்றார். படிவத்தில் அடுத்த கேள்வி இருந்தது. சிகிச்சைக்கு முன் விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றி யாராவது பேசினார்களா?

"இல்ல. யாரும் சொல்லல."

உண்மையில் அதைச் சொன்னவர் டாக்டர் ஜெபசீலன். நிகிலைப் பிழைக்க வைத்தவர். கல்யாணத்துக்கு வந்து அட்சதை போட்டவர். அவர் தலையில் இந்தப் பழியைத் தூக்கி வைக்க சுப்ரமணியனுக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.

ஜஹீரா எதுவும் எழுதவில்லை. முதல் பக்கத்துப் பட்டியலை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பதினான்கு என்ற எண்ணுக்கு நேரே அழகான கையெழுத்தில், 'படிவம் – மறுப்பு' என்று இருந்தது. பதின்மூன்றாம் தாளுக்குப் பிறகு பதினைந்தாம் தாள்தான் இருந்தது. அவர் முடிச்சூரில் குடியிருந்தபோது வந்த வெள்ளத்தில் அது போய்விட்டது என்றார். மற்ற எந்தத் தாளிலும் ஒரு சொட்டுக் கறை இல்லை. அதை அவளும் பார்த்தாள்.

"சார், அந்தக் கட்டத்தை இப்போதைக்குக் காலியா விடுறேன். ஆனா டெஸ்ட் பண்ணணும்ங்கிற வரிய என்னால எடுக்க முடியாது. இந்தத் திட்டம் நிகில் கையிலதான் போகும், அவருதான் பேஷண்ட்டு. அடுத்த வியாழக்கிழமை அவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. அந்தத் தாள் கிடைச்சா, அதையும்."

அந்த ஒரு வாரம் அவர் பட்ட பாட்டை எந்தக் கோப்பில் போடுவது? மூன்று வருஷமாக அந்த வீட்டில் நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. சின்மயிக்கு மாத்திரை, ஊசி, ஸ்கேன். கருக்குழாயில் சாயம் செலுத்திப் படம் எடுத்த அன்று அவள் ஆட்டோவிலிருந்து இறங்க முடியாமல் குனிந்து நின்றது. அவளுடைய டாக்டர் இரண்டு தடவை கணவனையும் சோதிக்க வேண்டும் என்றார். நிகிலோ, ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது என்று நாளைத் தள்ளிக்கொண்டு போனான். பாலாம்பாள், "அவனைக் காப்பாத்தின டாக்டரே பூரண குணம்னு எழுதிக் கொடுத்துட்டார். குறை நம்ம பக்கம் இல்ல" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். சனிக்கிழமைதோறும் மருமகளைத் திருநீர்மலைக்கு இழுத்துக்கொண்டு போய் அத்தனை படியும் ஏற வைத்தாள். அப்போதெல்லாம் சுப்ரமணியன் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் இருந்தார். கோழை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் அவரே அதைத் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை மூவரும் போனார்கள்; கிளினிக் டாக்டர் திட்டத்தை வரி வரியாக விளக்கினார். எக்கோ, தைராய்டு, ரத்த அழுத்தம், கதிர்வீச்சு பட்ட இடத்துத் தோல், புகை கூடாது. பிறகு, குழந்தைப் பேறு பற்றிய அந்த வரி வந்தது. இது நிச்சயம் என்று சொல்லவில்லை, சோதித்தால்தான் தெரியும், சிலருக்கு வருஷங்கள் கழித்துத் திரும்புவதும் உண்டு என்றார். நிகில் முகம் கறுத்துவிட்டது. ஜெபசீலன் டாக்டர் ஏன் இதைச் சொல்லவில்லை, அவரைப் போய்க் கடவுள் என்று நினைத்தோமே என்றான்.

அதற்கு மேல் சுப்ரமணியனால் தாங்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். மூலையில் சிவப்பில் பதினான்கு. விந்தணு சேமிப்பு பற்றி விளக்கப்பட்டது, விருப்பமில்லை என்று ஆங்கிலத்தில் அச்சு. கீழே தந்தையின் கையெழுத்து. நோயாளியின் கருத்து என்ற இடம் காலியாக இருந்தது.

"அவர் சொன்னார். நான்தான் வேண்டாம்னேன். உன்கிட்ட கேக்கவே இல்ல" என்றார்.

நிகில் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்மயிதான் பேசினாள், அவரிடம் அல்ல, டாக்டரிடம். "அப்போ எனக்கு அந்தச் சாயம் போட்ட டெஸ்ட் தேவையே இல்லையா டாக்டர்?" முதலில் கணவரைச் சோதித்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அவள் தலையை ஆட்டினாள். ஜஹீராவிடம் திட்டத்தைத் தமிழிலும் ஒரு பிரதி தர முடியுமா என்று கேட்டாள். "எங்க அத்தை தமிழ்லதான் படிப்பாங்க."

பரிசோதனை நடந்தது. சில வாரம் விட்டு மறுபடியும் நடந்தது. இரண்டு தடவையும் விந்தணு ஒன்றுகூட இல்லை. ஆபரேஷன் செய்து தேடிப் பார்க்கலாம், கிடைத்தாலும் கிடைக்கும் என்றார்கள். நிகில் அப்பாவோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. தமிழ்ப் பிரதியை அவர் கையில் கொடுத்து, "அம்மாவுக்கு நீங்களே படிச்சுக் காட்டுங்க" என்று மட்டும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலை. மறுநாள் கோயிலுக்குத் துளசி மாலைக்குச் சொல்லிவிட்டு வந்து, பாலாம்பாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தார். எக்கோவுக்குத் தலையாட்டினாள், தைராய்டுக்குத் தலையாட்டினாள். பிறகு அவர் அந்த வரியைப் படித்தார், சோதனை முடிவைச் சொன்னார், பதினான்காவது தாளையும் சொன்னார். கீரைக்கட்டு மடியிலேயே கிடந்தது.

"அந்தப் பொண்ணை நான் என்னெல்லாம் பேசினேன்" என்றாள். பிறகு, "ஏன் வேண்டாம்னீங்க?" என்றாள்.

கீமோவைத் தள்ளிப்போட முடியாது, உயிர்தான் முக்கியம் என்று பட்டது, நேரம் இல்லை என்றார். இத்தனை வருஷமாகத் தனக்கே சொல்லிக்கொண்ட பதில் அது.

"எவ்வளவு நேரம் ஆகுமாம் அதுக்கு?"

"ஒரு காலை வேளை போதும்னார்."

பாலாம்பாள் யோசித்தாள். அவளுக்குக் கோப்பு கிடையாது, எல்லாம் மனசில்தான்.

"முதல் கீமோ அன்னிக்கு பெட்டு காலியில்லைன்னு, காலையில ஏழு மணியிலேர்ந்து மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் ஹால்ல உட்கார வச்சாங்களே. நீங்க, நான், அவன். மூணு பேரும் ஒண்ணும் பேசாம சும்மாத்தானே உட்கார்ந்திருந்தோம்."

ஆமாம் என்றார் சுப்ரமணியன். பையன் அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான்.