சவாசனத்துக்கு ஒரு சொல்

செல்வமேரி இத்தாலியில் நான்கு வருஷம் கன்னியர் மடத்தில் இருந்துவிட்டு, கன்னியாஸ்திரீ ஆவதற்கான வார்த்தைப்பாடு கொடுக்காமலே சூரமங்கலத்துக்குத் திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று ஊரே கேட்டது. அங்கே கற்ற பாஷையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

1963-இல் பக்கத்து நூற்பாலைக்கு இத்தாலி இயந்திரங்கள் வந்தன. அவற்றை மாட்டிக் கொடுக்க வந்த மெக்கானிக்குகளின் மனைவிமார் மூன்று பேர், பகலெல்லாம் என்ன செய்வதென்று தெரியாமல் யோகா கற்க ஆசைப்பட்டார்கள். ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா அருணகிரி காலை வேளையில் ஒரு கீற்றுக்கொட்டகையில் வகுப்பு நடத்திவந்தார். வகுப்பைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு அவர் செல்வமேரியைத் தேடி வந்தார்.

"அவங்க பாஷையில ஆக்கித் தாங்க அம்மிணி. வகுப்புக்கும் வந்து எடுத்துச் சொல்லோணும்."

அவள் உட்கார்ந்தாள். ஆசனம் என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் 'பொசிசியோனே', அதாவது உடல் நிலை, என்று விளக்கம் எழுதினாள். இத்தாலியர் வாசிக்கும்போது அழுத்தத்தை நடு எழுத்தில் போட்டுவிடுவார்கள் என்று முதல் எழுத்தின் தலையில் ஒரு கோடு இழுத்தாள். பிராணாயாமத்துக்கு எதிரே அருணகிரி 'பிராணவாயுவை வசப்படுத்துதல்' என்று எழுதியிருந்தார். பள்ளிக்கூடப் பாடத்தில் பிராணவாயு என்றால் ஆக்ஸிஜன். அதை அப்படியே பெயர்த்தால் ஆஸ்பத்திரி சிலிண்டர்தான் அவர்கள் நினைவுக்கு வரும். 'ரெஸ்பீரோ', மூச்சு என்று எழுதினாள்.

கடைசி வரியில்தான் பேனா நின்றது. 'சவாசனம்: பிணம்போல் கிடத்தல்.'

'கதாவெரே' என்றால் பிணம்தான். ஆனால் அது போலீஸ்காரர் சொல், பத்திரிகைச் சொல். மடத்தில் ஒரு முதிய சகோதரி இறந்தபோது யாரும் அதை உச்சரிக்கவில்லை. 'சால்மா' என்றார்கள். அதுவோ பெட்டியில் வைத்த ஒருவருக்கு மரியாதையாகச் சொல்வது. பயிற்சிக்கு ஒட்டாது. வெகுநேரம் யோசித்து, 'ரிப்போசோ', இளைப்பாறும் நிலை என்று எழுதி முடித்தாள். அருணகிரியிடம் அதைச் சொல்லவில்லை.

முதல் நாள் வகுப்பின் கடைசியில் மூவரும் மல்லாந்து படுத்தார்கள். செல்வமேரி எழுதியதைப் படித்தாள். கொஞ்ச நேரத்தில் இருவர் தூங்கிவிட்டார்கள். ஒருத்தியின் குறட்டை கொட்டகையை நிறைத்தது. மூன்றாமவள் பியாங்காவின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

அருணகிரிக்கு முகம் சுருங்கியது. "ஏனுங்க, தூங்கறாங்க? நான் எழுதுனதைத்தானே படிச்சீங்க?"

"பிணம்னு எழுத மனசு வரலீங்க. இளைப்பாறுங்கன்னு எழுதிட்டேன்."

"இளைப்பாறச் சொன்னா தூங்கத்தானுங்க செய்வாங்க! ஒடம்பு அசையாமக் கெடக்கோணும், உள்ள முழிச்சிருக்கோணும். அதுக்குத்தானுங்க அந்தப் பேரு."

அவளுக்குச் சுருக்கென்றது. பதில் சொல்வதற்குள் பியாங்கா எழுந்து அருகில் வந்தாள்.

"ரிப்போசோ என்றாயே," என்றாள் இத்தாலிய பாஷையில். "என் மகனின் பெட்டிக்கு முன்னால் சாமியார் அந்தச் சொல்லைத்தான் சொன்னார். காய்ச்சலில் போய்விட்டான், ஏழு வயசு. நீ அதைத்தான் சொன்னாயா?"

செல்வமேரிக்கு அப்போதுதான் உறைத்தது. நித்திய இளைப்பாற்றி! சிறுவயதிலிருந்து கல்லறைத் திருநாள் தோறும் தமிழில் சொல்லிவந்த ஜெபத்தின் சொல். சாவை ஒளிக்கப் போய், சாவின் சொல்லையே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இனி மறைக்க எதுவுமில்லை. சவம் என்றால் என்ன, அருணகிரி என்ன எழுதியிருந்தார், தான் ஏன் மாற்றினாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். "இறந்தவரைப் போல அசையாமல், ஆனால் விழித்தபடி," என்று முடித்தாள்.

பியாங்கா திடுக்கிடவில்லை.

"ஃபாரே இல் மோர்த்தோ," என்றாள் மெல்ல. "கடலில் மல்லாந்து மிதப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். செத்தவர் மாதிரி செய்வது. அவனுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். கையைக் காலை விட்டுவிடு, பயப்படாதே, தண்ணீர் தாங்கும் என்று."

செல்வமேரி அதைத் தமிழில் சொன்னதும் அருணகிரி முகம் தெளிந்தது. "நம்ம பசங்களும் கெணத்துல மல்லாக்க மெதப்பாங்களே! அதேதானுங்க. தூங்குனா முழுகிருவாங்க. ஒடம்பை முறுக்குனாலும் முழுகிருவாங்க."

"அப்ப அப்படியே எழுதட்டுங்களா? சவாசனம்ங்கற பேரை மாத்தலீங்க. தண்ணிமேல செத்தவர் மாதிரி மெதக்கற ஆளைப் போலன்னு விளக்கம்."

அவர் தயங்கினார். "தண்ணின்னு நான் எழுதலீங்களே."

"இந்தத் தடவை பிணத்தையும் நான் விட்டுடலீங்களே."

சிரித்துவிட்டார். "சரி, எழுதுங்க."

ரிப்போசோவை அடித்துவிட்டு அவள் அங்கேயே புதிதாக எழுதினாள். ஒரு சொல் மட்டும் சந்தேகமாயிருந்தது. பியாங்காவிடம் காட்டினாள். அவள் அதைத் திருத்திவிட்டு, காகிதத்தைக் கையில் வைத்தபடியே, அந்தக் கடல் எந்த ஊர், மகன் முதன்முதலில் மிதந்தபோது எப்படிக் கத்தினான் என்று சொல்லத் தொடங்கினாள். என்ன சொல்கிறாள் என்று அருணகிரி கேட்கவில்லை. தூங்கியவர்களை எழுப்பப் போனார்.