முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில்

ஏலக்கடையிலிருந்து வந்த கடிதத்தில் இரண்டே வரி. 'மேசை உலக உருண்டை ஒன்று. உரிமையாளர் நேரில் கொண்டுவருவார், வருடம் கணித்துத் தரவும்.' பழைய உருண்டைகளைப் பழுதுபார்க்கும் அவளுக்கு, உரிமையாளர் பெயரைப் படித்ததும் ஆள் தெரிந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு முன் தீயில் இறந்துபோன கேப்டனின் தங்கை மகன்.

கேப்டன் கப்பலிலிருந்து ஓய்வுபெற்றவர். மாடி அறையில் பதினொரு உருண்டைகள் வைத்திருந்தார். பதினொன்றும் அவரோடு சேர்ந்து எரிந்துபோனதாகச் செய்தித்தாளில் வந்திருந்தது.

மதியம் மூன்று மணிக்கு அந்த ஆள் மாடிப்படி ஏறி வந்தான். நல்ல சட்டை, நல்ல செருப்பு, மெதுவான பேச்சு. அட்டைப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தான்.

"மாமா வச்சிருந்தது எல்லாம் போச்சும்மா. இது நான் தனியா வெளியூர்ல வாங்கினது. ரெண்டு வருஷமா என்கிட்டதான் இருக்கு."

"எப்ப வேணும் சார்?"

"இப்பவே. எடுத்துட்டுத்தான் போவேன்."

மூலையில் தாங்கியின் மரக்கால் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்த கொழுந்தன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பட்டறையில் காகித வேலை அவளுடையது, தாங்கி வேலை அவனுடையது. "இப்பவேன்னா எப்படி சார். உலகத்தையே சுத்திப் பாக்கணும்ல," என்றான். வந்தவன் சிரிக்கவில்லை.

அவள் பெட்டியைத் திறந்தாள். முப்பது சென்டிமீட்டர் உருண்டை, வார்ப்பிரும்புத் தாங்கி, அரைவட்டப் பித்தளை வளைவு. வழக்கம்போல எல்லைகளிலிருந்து ஆரம்பித்தாள். கிழக்கே, ஜப்பான் சீனாவிலிருந்து பிரித்தெடுத்த மஞ்சூகுவோ இருந்தது. அப்படியானால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டுக்குப் பிறகு. ஆஸ்திரியா ஜெர்மனியின் நிறத்துக்குள் கரைந்திருந்தது, செக்கோஸ்லோவாக்கியா இன்னும் முழுசாக இருந்தது. முப்பத்தெட்டு.

உருண்டையை மெல்லத் திருப்பினாள். அடுத்த கீற்றில் 'பெர்சியா' என்று இருந்தது. அபிசீனியா தனி நிறத்தில், தனி நாடாக நின்றது.

விரல் நின்றுவிட்டது.

பன்னிரண்டு காகிதக் கீற்றுகளை வடக்கிலிருந்து தெற்காக ஒட்டித்தான் இப்படி உருண்டை செய்வார்கள். ஒவ்வொன்றும் முப்பது பாகை. பெர்சியா முப்பத்தைந்தில் ஈரான் ஆகிவிட்டது. முப்பத்தாறில் அபிசீனியாவை, இன்றைய எத்தியோப்பியாவை, இத்தாலி விழுங்கிவிட்டது. பதினொரு கீற்று முப்பத்தெட்டில் இருக்க, தீர்க்கரேகை முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் உள்ள ஒன்று மட்டும் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை.

சில அச்சகங்கள் சோம்பல்பட்டுப் பழைய பெயரை அப்படியே விட்டுவிடுவதுண்டு. ஆனால் இது அதுவல்ல. கடகரேகை அந்தக் கீற்றின் ஓரத்துக்கு வந்ததும் அரை மில்லிமீட்டர் படி இறங்கியது. வேறு தாள், பசை காயும்போது வேறு அளவு சுருங்கிய தாள். சன்னலை மூடிப் புற ஊதா விளக்கைப் போட்டாள். பழைய வார்னிஷ் பூச்சு முழுவதும் பச்சையாக ஒளிர்ந்தது. புதுப் பூச்சு ஒளிராது; அந்த ஒரு கீற்று மட்டும் கருப்பாகக் கிடந்தது.

மடகாஸ்கர் பக்கத்தில் கடல் கொஞ்சம் பச்சையடித்திருந்தது. அதை மூன்று தடவை பூசியும் நிறம் சேராமல், போதும் என்று விட்டவள் அவள்தான்.

மூன்று வருடத்துக்கு முன் மழைத்தண்ணீர் விழுந்து கிழிந்த கீற்றோடு கேப்டன் இதைக் கொண்டுவந்தார். அதே வருடக் கீற்று எங்கும் கிடைக்கவில்லை. உடைந்துபோன இன்னொரு பழைய உருண்டையிலிருந்து எடுத்து ஒட்டினாள். "பதிவேட்டுல எழுதாதம்மா, ஒட்டுப்போட்டதுன்னு தெரிஞ்சா நண்பர்கள்கிட்ட என் மானம் போயிடும்," என்று அவர் கேட்டார். அவளும் எழுதவில்லை. அந்தத் தொழிலில் செய்யவே கூடாத தப்பு அது. அதனால்தான் இந்த ஆளுக்கும் எதுவும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இந்தப் படியில் கால் வைத்திருப்பானா?

கொழுந்தன் அருகே வந்து தாங்கியைத் தடவினான். "இந்த ஸ்டாண்டு இதோடது இல்லை அண்ணி. உருண்டையைச் சுத்தி தேய்மானம் இருக்கு பாருங்க. மரவளையம் வச்ச நாலுகால் ஸ்டாண்டுலதான் இப்படித் தேயும். அரை வளைவுல எதுவும் உரசாதே. அட, இது நம்ம..."

"நம்மகிட்ட இருக்கிற அதே கம்பெனி," என்றாள் அவள். "போய் லென்ஸை எடுத்துட்டு வா."

வந்தவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நம்ம என்னது தம்பி?"

"அதான் சார், அதே கம்பெனி. எனக்குக் கம்பெனி பேரே வாயில நுழையாது," என்றான் கொழுந்தன். அண்ணி பேச்சை வெட்டினால் காரணம் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். லென்ஸை எடுத்துக் கொடுத்தான்.

அவள் வட துருவ மூடியைக் கழற்றிக் கீற்றுகளின் இடுக்குகளைப் பார்த்தாள். பஞ்சைச் சுழற்றி எடுத்தாள். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. புகை படிந்த அறையிலிருந்து தப்பிய பொருளாக இருந்தால் அந்த இடுக்குகளில் கரி புகுந்திருக்கும். இதில் ஒரு பொட்டு இல்லை.

தீப்பிடித்த அன்று காலையில் கேப்டன் போன் செய்திருந்தார். மடகாஸ்கர் பக்கம் பூச்சு கையில் ஒட்டுகிறதே என்று கேட்டார். அப்போது உருண்டை அவர் கண்முன்னால் இருந்தது. இரவு அறை எரிந்தது. இரண்டுக்கும் நடுவில் யாரோ இதை மட்டும் வெளியே எடுத்திருக்கிறார்கள். தீ வரப்போகிறது என்று தெரிந்த யாரோ.

"என்னம்மா, வருஷம் கிடைச்சுதா?"

"கிடைச்சிடுச்சு சார். எழுதிக் கொடுத்துடறேன்."

"இதையெல்லாம் படிக்கத் தெரிஞ்சவங்க ஊர்ல எத்தனை பேரு இருப்பீங்க?"

"ரொம்ப இல்லை."

"அதான் கேட்டேன்," என்றான் அவன்.

வருடத்தை மட்டும் எழுதினால் அவன் போய்விடுவான். உருண்டையும் போய்விடும், யார் வீட்டிலோ பதுங்கிவிடும். பதிவேட்டில் எழுதாத வேலைக்கு உருண்டையைத் தவிர வேறு சாட்சி இல்லை. எல்லாவற்றையும் எழுதினால்? அவள் கொழுந்தனைப் பார்த்தாள். கீழ்வீட்டில் புருஷனும் பிள்ளையும் மதியத் தூக்கத்தில் இருப்பார்கள்.

எழுதினாள். மேலே பெரிய எழுத்தில் '1938'. அதன் கீழே பொடி எழுத்தில் மற்றதெல்லாம்: முப்பது முதல் அறுபது வரையுள்ள கீற்று பழைய பதிப்பு, இந்தப் பட்டறையில், இறந்துபோன கேப்டனுக்காக, என் கையால் ஒட்டப்பட்டது, தாங்கி பிறகு மாற்றப்பட்டது, இடுக்குகளில் கரி இல்லை, தீப்பிடித்த அன்று காலை அவரிடம் இருந்தது. கையெழுத்துப் போட்டாள். ஏலக்கடைக்கு எப்போதும் அனுப்புவதுபோலவே பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள்; உரிமையாளர் கையில் உள்ள தாளும் நகலும் ஒன்றாக இருந்தால்தான் அது சான்று. படத்தோடு ஒரு வரி சேர்த்தாள்: 'போலீஸுக்குச் சொல்லுங்க, உடனே.'

வருடம் கேட்டு வருகிறவர்கள் வருடத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். அவனும் அப்படியே பார்த்தான். "முப்பத்தெட்டா. சண்டைக்கு முந்தின வருஷம். நல்ல விலை போகும்." தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

செருப்புச் சத்தம் இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. படி திரும்பும் இடத்தில் சன்னல் உண்டு, நல்ல வெளிச்சம். சத்தம் அங்கே நின்றது.

தாள் பிரியும் ஓசை தெளிவாகக் கேட்டது.

"அண்ணி, தாழ்ப்பாளைப் போட்டுடவா?" என்றான் கொழுந்தன் தணிந்த குரலில். உளி அவன் கையில் இருந்தது.

"வேண்டாம். கீழ பிள்ளை இருக்கான். இங்க பூட்டினா அந்த ஆள் அங்கதான் போவான்."

சத்தம் மறுபடி கேட்டது. இப்போது மேல்நோக்கி, அவசரமில்லாமல். பெட்டியை எங்கோ வைத்துவிட்டிருந்தான், நடை இலேசாகியிருந்தது.

அவள் போய்க் கதவை அகலத் திறந்து, படியின் உச்சியில் நின்றாள். கீழே அவன் முகம் தெரிந்தது. ஒரு கையில் தாள். மறு கை கால்சட்டைப் பைக்குள்.

"சார்," என்றாள் அவள், குரல் உடையாமல், "நகல் ஏலக்கடைக்குப் போயாச்சு. அங்க படிச்சிட்டு இருப்பாங்க."

அவன் ஒரு படியில் காலை வைத்தபடி நின்றான். மேலே ஏறவுமில்லை, கீழே இறங்கவுமில்லை.