பன்னிரண்டு கிலோ எங்கிருந்து வந்தது?

கல்யாணத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களை எனக்கு நடையிலேயே தெரியும். அறைக்குள் நுழைந்ததும் எடை மெஷினைத்தான் பார்ப்பார்கள், என்னைப் பார்க்க மாட்டார்கள். உணவு ஆலோசகராக இருபது வருடம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

அந்தப் பெண் கீழ்த்தளத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். மெஷினில் ஏறினாள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் அவளே படித்துவிட்டாள்.

"எழுபத்து நாலு புள்ளி ரெண்டு."

"இடுப்பு?"

"தொண்ணூத்து ரெண்டு புள்ளி அஞ்சு சென்டிமீட்டர். காலையிலேயே அளந்துட்டேன்."

அந்த நிமிஷமே அவளுக்குப் 'புள்ளி' என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன்.

"கல்யாணம் எப்போ?"

"எட்டு வாரம் அஞ்சு நாள் இருக்கு மேடம். அதுக்குள்ள அறுபத்து ரெண்டு ஆகணும்."

"பன்னெண்டு கிலோவா? என்னம்மா, கைகாலைக் கழட்டி வெச்சுட்டு வரப்போறியா?"

அவள் சிரிக்கவில்லை. நான் தாளை எடுத்துக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். தினமும் செலவாவதைவிட ஐந்நூறு கலோரி குறைவாகச் சாப்பிட்டால் வாரத்துக்கு அரைக் கிலோ சுமார். எட்டு வாரத்தில் நாலு கிலோ, உடம்பு ஒத்துழைத்தால் ஐந்து, மிஞ்சிப்போனால் ஆறு. முதல் வாரம் கொஞ்சம் அதிகமாக இறங்கும், அதில் பாதி தண்ணீர். அதைப் பார்த்து ஆட்டம் போடக்கூடாது.

"வயித்துல மட்டும் குறைக்க வழி இருக்கா?"

"எங்கேர்ந்து எடுக்கட்டும்னு உடம்பு நம்மகிட்ட கேக்காதும்மா."

வேளாவேளைக்கு முட்டையோ மீனோ பருப்போ தயிரோ ஏதாவது ஒன்று, தட்டில் பாதி காய்கறி, சோறு அளவாக. வாரம் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி, இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் போய்விடும். தினமும் நடை, ஏழு மணி நேரத் தூக்கம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். ஆனால் பன்னிரண்டை மட்டும் விடவில்லை. "முயற்சி பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாப்பிட்டதையெல்லாம் எழுதிவரச் சொன்ன நோட்டு இருக்கிறதே, அதில்தான் ஊர் உலகம் முழுக்கப் பொய் சொல்லும். பிஸ்கட் என்ற ஒரு பொருள் பூமியில் இருப்பதாகவே எந்த நோட்டிலும் தெரியாது. புள்ளியின் நோட்டில், 'தோழி கொடுத்த கேக், சுமார் இருபத்தெட்டு கிராம், மறுக்க மனமில்லை' என்று இருந்தது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இவ்வளவு உண்மை பேசுகிறவள், கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகும் நடக்காத ஒரு எண்ணைப் பிடித்துத் தொங்குவானேன்?

முதல் வாரம் ஒன்றரைக் கிலோ இறங்கியது. அப்புறம் அரை, அரை என்று, நான்காவது வாரம் எழுபத்தொன்றில் வந்து நின்றது. ஐந்தாவது வாரம் நானூறு கிராம் ஏறிவிட்டது.

அவள் முகம் செத்துப்போயிற்று. "மாதவிடாய் நேரமா?" என்று கேட்டேன். ஆமாம் என்றாள். "அப்போ இது தண்ணிம்மா. டேப்பைப் பாரு, இடுப்புல நாலு சென்டிமீட்டர் போயிருக்கு. நம்பு." தலையை ஆட்டினாள். நம்பவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது. எனக்கு வேறு நோயாளி காத்திருந்தார், விட்டுவிட்டேன். அது என் தப்பு.

ஆறாவது வாரம் வந்தாள். அறுபத்தொன்பது. ஒரே வாரத்தில் இரண்டு புள்ளி நாலு. உதடு வெடித்திருந்தது.

"என்ன பண்ணே?"

"மூணு நாளா சோறு, ரொட்டி எதுவும் இல்ல. தண்ணி பாதிதான்." வலது கையை விரித்துப் பார்த்தாள். "இன்னைக்கு ஒருத்தருக்கு ரத்தம் எடுக்கும்போது கை நடுங்கிடுச்சு மேடம். ரெண்டு தடவை குத்திட்டேன். எனக்கு இப்படி ஆனதே இல்ல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். "இதை மெதுவா குடி." குடித்து முடித்ததும் மெஷினில் ஏறச் சொன்னேன். அறுபத்தொன்பது புள்ளி ஐந்து.

"கால் மணி நேரத்துல அரைக் கிலோ கொழுப்பு ஏறிடுச்சா? நீ குறைச்சதுல பெரும்பாலும் இதுதான். ஒழுங்கா சாப்பிட்டா ரெண்டு நாள்ல திரும்பி வந்துடும்."

அவள் கண் கலங்கியது. அப்போதுதான் என் வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டது. "எதைச் சொன்னாலும் புள்ளி வெச்சுத்தானே சொல்வே? அறுபத்து ரெண்டுக்கு மட்டும் ஏன் புள்ளியே இல்ல? அது நீ அளந்த எண் இல்ல. யார் சொன்னது?"

"நான்தான்" என்றாள். "அவர்கிட்ட."

மாப்பிள்ளை கப்பலில் இன்ஜினியர். பெண் பார்த்தது அவருடைய அப்பா அம்மா. இவர்கள் இருவரும் போனில்தான் பழக்கம், திரையில் தெரிவது முகம் மட்டும். ஒருநாள் கப்பலில் எல்லோருக்கும் எடை பார்த்தார்களாம். தன் எடையைச் சொல்லிவிட்டு, "நீங்க எவ்வளவு?" என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். வாயில் வந்தது அறுபத்து ரெண்டு. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் அவர் வந்து இறங்குகிறார்.

"நேர்ல பாத்ததும் தெரிஞ்சுடும் மேடம். முதல் நாளே பொய்க்காரின்னு ஆயிடுவேன். வேண்டாம்னு சொல்லிட்டார்னா?"

பன்னிரண்டு என்பது எடையே இல்லை, அவள் சொன்ன பொய்யின் அளவு. அதைத்தான் பட்டினி கிடந்து கரைக்கப் பார்த்தாள். எனக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது. "சாப்பாட்டைக் குறைச்சா கொழுப்புதாம்மா குறையும். இதை நீ வாயால சொல்லித்தான் தீரணும்" என்றேன்.

மூன்று நாள் தயங்கிவிட்டுச் சொல்லியிருக்கிறாள். அவர் "அப்புறம் கூப்பிடறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ஏழாவது வாரம் வந்தபோது நான்கு நாளாக போன் இல்லை. எடை எழுபது புள்ளி ஒன்று, அதை இருவருமே சரியாகப் பார்க்கவில்லை. வேண்டாத யோசனையைச் சொல்லி ஒரு கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று அன்று முழுக்க எனக்கு அதே யோசனை.

எட்டாவது வாரம் சிரித்துக்கொண்டே நுழைந்தாள். ஐந்தாம் நாள் கூப்பிட்டாராம். எடை எனக்கு ஒரு பொருட்டே இல்லை, பொய்தான் குத்தியது, இன்னும் ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றாராம். இவள் நாலு விஷயம் சொல்லியிருக்கிறாள். குறட்டையும் அதில் ஒன்று. அவர் பதிலுக்கு ஏழு சொன்னாராம்.

மெஷினில் ஏறினாள். அறுபத்தொன்பது புள்ளி ஐந்து. எட்டு வாரத்தில் நாலு புள்ளி ஏழு கிலோ, இடுப்பில் ஆறு சென்டிமீட்டர். கை நடுங்கவில்லை, முகத்தில் களை இருந்தது. நல்ல பலன் என்றால் இதுதான், இதற்கு மேல் கேட்பது பேராசை.

"இந்த எடையை அவர்கிட்ட சொல்லிடுவியா?"

"கேட்டா சொல்வேன். கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கார்." இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள், "ஆமா, உங்க எடை எவ்வளவு மேடம்?"

"அறுபத்தெட்டு" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. யோசிக்கக்கூட இல்லை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு காலாலேயே மெஷினை என் நாற்காலிப் பக்கம் மெல்லத் தள்ளினாள்.

"புள்ளி எவ்வளவு மேடம்?"