இரண்டு மூட்டைக் கடலை

மாட்டுங்காவில் ஒரு கட்டடத்தின் கேட்டுக்கு வெளியே பதினோரு வருஷமாகக் கடலை விற்கிறேன். ஜூலை கடைசியிலிருந்து தீபாவளி வரைக்கும் பச்சைக்கடலையை அவித்து விற்பேன். மற்ற மாதங்களில் வறுத்தது. நடைபாதை முனிசிபாலிட்டியுடையது என்பார்கள். அதெல்லாம் பேச்சு. அந்தக் கட்டடத்தின் செக்ரட்டரி சுப்ரமணியன் ஒரு போன் போட்டால் என் வண்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போக லாரி வந்துவிடும். அவர் போன் போடாததால்தான் நான் அங்கே நிற்கிறேன். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போன செப்டம்பரில் கட்டடத்துக்குள் பிள்ளைகள் பாட்டு, டான்ஸ் நிகழ்ச்சி வைத்தார்கள். நாலு மணிக்கு இடைவேளை. அதில் எல்லோருக்கும் பாக்கெட் சமோசா கொடுக்கலாம் என்று செக்ரட்டரி சொல்லியிருக்கிறார். மூன்றாவது மாடி வாலாம்பாள் மாமி விடவில்லை. "வாசல்ல மனுஷன் அவிச்சுண்டு நிக்கறான், நாம பாக்கெட் வாங்கணுமா?" என்று கமிட்டியில் சண்டை போட்டு எனக்கு இருபது கிலோ ஆர்டர் வாங்கிக் கொடுத்தார். சுடச்சுட வேண்டும், கட்டடத்துக் காம்பவுண்டிலேயே அவிக்க வேண்டும். செக்ரட்டரி சரி என்றார். ஆனால் போகிறபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாலு மணின்னா நாலு மணி. சொதப்பினயோ, மறுநாள்லேர்ந்து இந்த வாசல்ல உன் வண்டி இருக்கப்படாது."

"இருக்காது ஸார்," என்றேன். அப்போது எனக்கு அவ்வளவு தைரியம்.

நான் எப்போதும் கடலை வாங்குவது மார்க்கெட்டில் மன்சூர் அலியிடம். அந்த வாசலுக்கு வருவதற்கு முன்னாலிருந்தே, இருபது வருஷப் பழக்கம். பழக்கம் என்றுதான் சொல்வேன், நம்பிக்கை என்று சொல்லமாட்டேன். வியாபாரி வாயிலிருந்து வருகிற வார்த்தையை நான் பாதிதான் எடுத்துக்கொள்வேன். நிகழ்ச்சியன்று காலையில் பத்துக் கிலோ மூட்டை இரண்டு வைத்திருந்தான்.

"அண்ணா, பச்சை ஒரு மூட்டைதான் வந்தது. இன்னொண்ணு ஒரு வாரம் காஞ்சது. ரெண்டையும் சேர்க்காதே. காஞ்சதை ராத்திரி பூரா ஊறப் போட்டு நாளைக்கு அவி," என்று இந்தியில் சொன்னான். "நம்பிக்கை இல்லேன்னா கையில எடுத்து ஆட்டிப் பாரு."

ஆட்டிப் பார்க்கவில்லை. இரண்டு மூட்டையிலும் மண் அப்பியிருந்தது, எனக்கு ஒன்று போலத்தான் தெரிந்தது. இரண்டாவது மூட்டையை வேறு யாருக்கோ ஒதுக்கி வைத்துக்கொண்டு எனக்குக் கதை சொல்கிறான் என்று நினைத்தேன்.

"ரெண்டையும் வண்டியில போடு," என்றேன்.

"உன் இஷ்டம்," என்றான் அவன்.

தாராவியில் என் வீட்டுக்கு வந்து இரண்டு மூட்டையையும் ஒரே டிரம்மில் கொட்டினேன். என் பெஞ்சாதி பேராச்சி கழுவ உட்கார்ந்தாள். மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவினால்தான் மண் போகும். இல்லாவிட்டால் அவித்த தண்ணீரெல்லாம் சேறாகி, உரிக்கிறவன் வாயில் மணல் நறநறக்கும்.

"இதுல பாதி லேசா மெதக்குதே," என்றாள்.

"பச்சைக்கடலை மெதக்கத்தான் செய்யும். வாய மூடிட்டு கழுவுட்டி."

"நான் என்னத்தச் சொன்னாலும் வாய மூடணும். கடலையும் நாம சொன்னா கேக்குமாக்கும்."

கழுவியதில் இரண்டு கை அள்ளி, கட்டடத்தில் யாராவது சரக்கைக் கேட்டால் காட்டலாம் என்று ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஒன்றரை மணிக்குக் காம்பவுண்டில் இரண்டு கேஸ் அடுப்பு, இரண்டு அண்டா. ஒவ்வொன்றிலும் பத்துக் கிலோ கடலை, பதினைந்து லிட்டர் தண்ணீர், அரைக் கிலோ கல்லுப்பு. தண்ணீரை நாக்கில் வைத்தால் முகம் சுளிக்க வேண்டும். ஓடு தாண்டி உள்ளே போகவேண்டிய உப்பு அது. குழம்புக்குப் போடுகிற மாதிரி போட்டால் பருப்பில் ஒன்றும் ஏறாது. கடலை மேலே வராமல் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் கல் வைத்தேன். இரண்டே காலுக்குக் கொதி வந்தது. பச்சைக்கடலைக்குக் கொதி வந்தபின் ஒரு மணி நேரம். அப்புறம் அடுப்பை அணைத்து, அந்த உப்புத் தண்ணீரிலேயே அரை மணி ஊறவேண்டும். கணக்கு நாலு மணிக்குச் சரியாக இருந்தது.

மூன்றே காலுக்குப் பதம் பார்த்தேன். மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று எடுப்பேன். ஓட்டைத் தையலில் அழுத்தித் திறந்து, பருப்பை மட்டும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அமுக்கவேண்டும். வெந்தது பேசாமல் நசுங்கும். வேகாதது இரண்டாகப் பிளக்கும்.

முதலாவது நசுங்கியது. இரண்டாவதும் நசுங்கியது. மூன்றாவது விரலை விட்டுத் தெறித்துப்போய் பேராச்சி மடியில் விழுந்தது. அவள் எடுத்துக் கடித்தாள். நறுக்கென்று சத்தம் எனக்கே கேட்டது.

இன்னும் பத்து எடுத்தேன். நாலு கல்.

துணிப்பையில் இருந்த அவிக்காத கடலையை எடுத்து ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டினேன். சிலது சத்தமே இல்லை. சிலது உள்ளே லொடலொட என்றது. மன்சூர் அலி சொன்னது அத்தனையும் உண்மை.

"இப்ப ஆட்டிப் பாத்து என்ன செய்ய?" என்றாள் பேராச்சி. "காஞ்சத தனியா பொறுக்கிரலாமா?"

"தண்ணியில கெடந்து எல்லா ஓடும் ஒரே நெறமாயிட்டு. ஒடைச்சாத்தான் தெரியும். இருபது கிலோவையும் ஒடைக்கியா?"

"அப்ப?"

"கடைசிக் கடலை நசுங்குத வரைக்கும் தீ எரியட்டும்."

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது செக்ரட்டரி வந்தார். பட்டு ஜிப்பா, கையில் மைக்.

"என்ன வெயிலுமுத்து, பாக்கெட் போடலாமா?"

"இன்னும் வேகல ஸார்."

"ரெண்டு மணிலேர்ந்து புகையறது, இன்னுமா வேகலை?" அவரே கரண்டியால் ஒன்றை எடுத்து, ஊதி, உரித்து வாயில் போட்டார். "நன்னா வெந்திருக்கேய்யா!"

"ஒங்களுக்கு வெந்தது மாட்டிட்டு. இதயும் தின்னு பாருங்க."

நான் கொடுத்ததைக் கடித்தவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். இருந்தாலும் விடவில்லை.

"பத்துல நாலு இப்படி இருந்தா என்ன? எல்லாருக்கும் பல்லு இருக்கு. கொடுத்துடு."

"கொடுக்க மாட்டேன்."

"என்ன?"

"வேகாத கடலை என் கையில இருந்து போகாது ஸார். நாளைக்கு எவன் வயித்தப் பிடிச்சாலும் வெயிலுமுத்து கடலைன்னுதான் சொல்லுவான்."

மாடியில் பாட்டு முடிந்து கைதட்டல் கேட்டது. செக்ரட்டரி என் பக்கம் குனிந்தார். குரல் இறங்கியது. கோபத்தை விட அந்தக் குரலுக்குத்தான் நான் பயப்படுவேன்.

"இதோ பார். எனக்கும் அசிங்கம் வேண்டாம், உனக்கும் வேண்டாம். அந்த மார்க்கெட் பாய்கிட்டதானே வாங்கினே? அவன் காஞ்ச சரக்கைக் கலந்து உன்னை ஏமாத்திட்டான்னு மைக்ல சொல்லிடறேன். யாரும் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டா. இருக்கறதைக் கொடுத்துட்டு, உன் இடத்துல நீ நின்னுக்கோ."

பேராச்சி என்னைப் பார்த்தாள். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினோரு வருஷத்து இடம். மழைக்காலத்தில் அங்கே மேலே மரம் உண்டு. ஸ்டேஷன் பக்கம் ஒரு அடி காலி இல்லை, தாராவியில் என் தெருவிலேயே நாலு கடலை வண்டி. மன்சூர் அலி எனக்கு மாமனா, மச்சானா? அவன் காதுக்கு இது போகவே போகாது.

"அவன் ஏமாத்தல ஸார்," என்றேன். "சேர்க்காதேன்னு சொன்னான். ஆட்டிப் பாருன்னும் சொன்னான். நாந்தான் கேக்கல. மைக்ல சொல்லணும்னா அதச் சொல்லுங்க."

"உனக்கு மூளை இருக்கா?"

"காலையில இல்ல. இப்ப இருக்கு."

அவர் முகம் சிவந்துவிட்டது. "நாளைக்கு உன் வண்டி இங்கே வரப்படாது!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்திவிட்டு, பையனை அனுப்பி சமோசா வாங்கிவரச் சொன்னார்.

"அடுப்ப அணைச்சிட்டுக் கெளம்புவோமா?" என்றாள் பேராச்சி.

"ஏன்? நாம என்ன களவா எடுத்தோம்?"

தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறும். அதனால் தனியாக ஒரு பாத்திரத்தில் வெந்நீர் போட்டு அண்டாவில் விட்டுக்கொண்டே இருந்தேன். பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி அடங்கி, வேகிறதும் நின்றுபோகும். பேராச்சி அடிக்கடி நாக்கில் வைத்துப் பார்த்துச் சொன்னாள். மாடியிலிருந்து சமோசா எண்ணெய் வாசனை வந்தது. இரண்டு மூன்று பேர் பால்கனியில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

நாலே முக்காலுக்குப் பத்தில் மூன்று கல். ஐந்தேகாலுக்குப் பத்தில் ஒன்று. ஐந்தே முக்காலுக்கு இரண்டு அண்டாவிலும் அடிவரை கரண்டி விட்டு இருபது எடுத்தேன். இருபதும் நசுங்கின. பச்சையாக வந்தவை வெண்ணெயாகிவிட்டன. காய்ந்தவை மொச்சை மாதிரி மாவாக இருந்தன. அரை மணி ஊறவிடவில்லை. இத்தனை நேரம் கொதித்ததில் இளசு போதுமான உப்பைக் குடித்துவிட்டது, இன்னும் விட்டால் கரிக்கும். உடனே வடித்தேன்.

நிகழ்ச்சி முடிந்து ஜனம் இறங்கியது. முதலில் வந்தது வாலாம்பாள் மாமி. சிரிப்பில்லாத முகம்.

"என் மானத்தை வாங்கிட்டயே வெயிலுமுத்து."

"தின்னுட்டு திட்டுங்க மாமி."

ஒன்று தின்றார். ஓட்டுக்குள் இருந்த உப்புத் தண்ணீரை உறிஞ்சினார். இன்னொன்று எடுத்தார். பிறகு படியில் அப்படியே உட்கார்ந்துகொண்டு, "ஏண்டி, எல்லாரும் இங்கே வாங்கோ!" என்று கூப்பிட்டார். சமோசா தின்ற வாயோடுதான் வந்தார்கள். அரை மணியில் ஒரு அண்டா காலி. செக்ரட்டரி மட்டும் கீழே வரவில்லை.

மறுநாள் காலையில் மன்சூர் அலியிடம் போனேன்.

"சேத்துட்டேன்," என்றேன்.

"தெரியும். உன் மூஞ்சி சொல்லுது."

"பச்சை ஒரு மூட்டை போடு." மூட்டையின் வாயைப் பிரித்து, ஐந்தாறு இடத்தில் கையை விட்டு எடுத்து ஆட்டிப் பார்த்தேன். அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்தால் என்ன, நான் ஆட்டித்தான் பார்ப்பேன்.

"இன்னைக்கு எங்க நிப்பீங்க?" என்று வீட்டில் பேராச்சி கேட்டாள். மூன்று தண்ணீர் கழுவி, ஒரு மணி அவித்து, அரை மணி ஊறவிட்டு, நாலு மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு மாட்டுங்கா கேட்டுக்கே போனேன்.

செக்ரட்டரி வாசலில் நின்றார். கையில் போன்.

"நான் என்ன சொன்னேன் நேத்திக்கு?"

"கேட்டுச்சு ஸார். போன் போடுங்க. லாரி வரட்டும். வாரவங்கள்ட்ட ஏன் தூக்கச் சொன்னீங்கன்னும் சொல்லுங்க. வேகாத கடலையக் கொடுக்க மாட்டேன்னான், அதனாலன்னு."

அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூன்றாவது மாடி பால்கனியில் வாலாம்பாள் மாமி வந்து நின்றுகொண்டார்.

வண்டிச் சக்கரத்துக்கு அடியில் செங்கல்லை வைத்து உதைத்து இறுக்கினேன். கடலை மேல் மூடியிருந்த ஈரச் சாக்கை விலக்கினேன். ஆவி மேலே போயிற்று.

"கடலே! அவிச்ச கடலே!" என்று அவர் முகத்துக்கு நேராகவே கூவினேன்.