முதலில் நிறுத்து

"முதலில் ரத்தம் ஏற்றுவதை நிறுத்து. பிறகு டாக்டரைக் கூப்பிடு." நான் எழுதிய பாடத்தில் இந்த இரண்டு வரியை மட்டும் எங்கள் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் தினகரன் டாக்டர் அடித்துவிட்டார். 'டாக்டர் உத்தரவுப்படி செயல்படவும்' என்று மேலே எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காஞ்சிபுரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்சுகளுக்குப் பாடம் எடுப்பவள் நான், ஜெயப்ரியா. ரத்தம் ஏற்றும்போது நோயாளியைக் கண்காணிப்பது பற்றி மூத்த நர்சுகளுக்குப் பயிற்சி தயாரிக்கச் சொன்னதும் இதே மனிதர்தான். பை எண்ணைச் சரிபார், முதல் கால்மணி நேரம் பக்கத்திலேயே நில் என்று இவர்களிடம் ஆரம்பித்தால் கொட்டாவிதான் வரும். அதனால் வார்டு வார்டாகப் போய், நோயாளிக்கு நடுக்கம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஸ்லோ பண்ணிட்டு டாக்டருக்குப் போன் போடுவோம்" என்றார்கள் எல்லோரும். சேராத ரத்தம் மெதுவாக இறங்கினாலும் கொல்லும். அது இவர்களுக்குத் தெரியாதா என்ன?

"ஒருவாட்டி நிறுத்தினேன்மா," என்றார் கங்கையம்மாள். அங்கே அவரைவிட மூத்த நர்சு கிடையாது. "யாரைக் கேட்டு நிறுத்துனன்னு பேஷன்ட் வூட்டு ஆளுங்க எதிர்லயே கத்துனாரு நம்ம தினகரன் டாக்டரு. அதோட வுட்டேன்."

வரியை அடிக்கலாம், என் கையைக் கட்ட முடியாது. வேலை போனால் போகட்டும் என்று ஓர் ஒத்திகையைச் சேர்த்தேன்.

வகுப்பு தொடங்கும்போது எல்லோரையும் போனைச் சைலன்டில் போடச் சொன்னேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தினகரனும் போட்டார். என்னோடு பாடம் எடுக்கும் சந்தியா நோயாளியாகப் படுத்தாள். பையில் இருந்தது சாயத் தண்ணீர். அது ஊசிக்குள் போகாமல் போர்வைக்கடியில் ஒரு கிண்ணத்தில் இறங்கியது.

"குளிருதுக்கா. இடுப்பு வேற வலிக்குது" என்றாள் சந்தியா.

நர்சாகக் கட்டிலருகே நின்ற கங்கையம்மாள் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தார். டாக்டரின் நிஜ எண்ணுக்கே போன் போடச் சொல்லியிருந்தேன், போட்டார். யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். சிவப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. "மூச்சு வாங்குதுக்கா" என்றாள் சந்தியா.

கங்கையம்மாள் போனைக் கட்டிலில் போட்டுவிட்டுக் குழாயை முழுதாக மூடினார். அதைக் கழற்றிவிட்டு, புதுக் குழாயில் சலைன் மாட்டினார். நாடி பிடித்துப் பார்த்தார். நோயாளியின் கைப்பட்டையையும் பையையும் ஒப்பிட்டார். பையைத் தூக்கி எறியாமல் ரத்த வங்கிக்கு அனுப்ப எடுத்துவைத்தார்.

"யாரைக் கேட்டு நிறுத்துன?" என்றார் தினகரன். பழக்கதோஷம்.

"யாரையும் கேக்கல சார். உங்களுக்குத்தான் போன் போட்டுக்கினு இருந்தேன், எடுத்துப் பாருங்க. இனிமே நீங்க எடுத்தாலும், நிறுத்திட்டுத்தான் பேசுவேன்."

அவர் போனை எடுத்துப் பார்த்தார். முகம் கறுத்தது. "ஜெயப்ரியா, அந்த வரிய பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

"கிளாஸ் நடக்குது சார்," என்றேன். "அடுத்து நிறுத்தப் போறது யாரு?"

நர்சுகள் வரிசை முழுக்க எழுந்து நின்றது.