கிளைக்குப் பின்னால் இருந்த பெயர்

பிரியந்தியின் பிளெக்ஸ் கடையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கும் சோலைமலைக்கும் அன்று ஒத்துப்போகவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், வாசலுக்குப் போய் ஹட்டன் மழையை முறைத்தான், திரும்ப வந்து உட்கார்ந்தான். முதலில் களைத்தது நாற்காலிதான்.

நோர்வூட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன் அவன். போன வாரக் காற்று, கடை முன்னால் நின்ற கல்யாண முருங்கையின் பெரிய கிளையையும் கடைப் பலகையையும் சேர்த்தே பிடுங்கிக்கொண்டு போனது. பலகை காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மிதந்ததாகவும், மீன்கள் அதை வாசித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றதாகவும் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை, நின்ற மீன் ஒன்றுதான் என்னிடம் சொன்னது.

மறுநாள் காலையில் கடை திறக்க வேண்டும். புதுப் பலகைக்கு அவனிடம் இருந்தது போனில் ஒரு படம் மட்டும். அதிலும் நடுவே கிளை.

பிரியந்தி படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினாள். "இந்தப் பக்கம் 'சோலைமலை', அந்தப் பக்கம் 'ஹோட்டல்'. நடுவுல என்ன அண்ணே?"

"படத்துல உள்ள மாதிரியே அடிச்சிருங்க."

"படத்துல எல தான் இருக்கு. எலய அடிக்கவா?"

சோலைமலை எழுந்து வாசலுக்குப் போனான்.

நடுவில் என்ன என்று எனக்குத் தெரியும். அவனுடைய அக்கா வேலாயியின் பெயர். இருவரும் சேர்ந்து தொடங்கிய கடை. கிளை வளர்ந்து தன் பெயரை மறைத்ததும், வெட்டச் சொன்னாள் அக்கா. தேயிலைத் தோட்டத்து மரம், வெட்டக் கூடாது என்றான் தம்பி. அக்கா வடைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவன் கடையில் வடை, சக்கரம் மாதிரி; லொறிக்காரர்கள் கழற்றிக்கொண்டு போகப் பார்த்தார்கள். அக்கா திரும்பி வரவேண்டும் என்பதுதான் அவன் ஆசை. அதற்கு அந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும். வாய் மட்டும் வரவில்லை. துணைக்கு என்னைக் கூட்டி வந்திருந்தான்.

நான் உதவினேன். "'சேகர்'னு நெனைக்கிறேன் பிள்ள."

"இல்ல தாத்தா. 'ர்'னா கடைசியில மேல ஒரு புள்ளி இருக்கணும். இங்க கிளைக்கு மேல ஒரு வளைவுதான் எட்டிப் பார்க்குது. 'யி', இல்லாட்டி 'ரி' மாதிரி ஒன்னு."

"அப்ப மேரி."

"மேரிக்கு எடம் ரொம்பக் கூட." 'சோலை'யில் தெளிவாக இருந்த 'ல'வை வெட்டி எடுத்து, கிளையின் மேல் வைத்துத் தள்ளிக்கொண்டே போனாள். "ஒரே பெயிண்டர், ஒரே கை. அகலம் மாறாது. இடது பக்கம் இரட்டைச் சுழிக் கொம்பு தெரியுது, 'ஏ' சத்தத்துல ஆரம்பிக்குது. அப்புறம் இந்தா, எலைக்குக் கீழ தெரியிற இந்த அடி வளைவு, 'ல'வோட அச்சா பொருந்துது பாருங்க."

சோலைமலை வாசலிலிருந்து பார்த்தான்.

"மேல அதே பேரு சிங்களத்துல ஒரு வரி இருக்கே," என்றாள் அவள். "கிளை சாய்வா போறதால அங்க வேற எழுத்துதான் மறைஞ்சிருக்கு. மொத எழுத்து 'வே', கடைசி எழுத்தும் சுத்தமா தெரியுது. 'யி'. அப்ப வே, ல, யி. நடுவுல ஒரு துணைக்காலுக்கு மட்டும் எடம்."

"வேல்முருகன்," என்றேன்.

"தாத்தா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

கரண்ட் ஒருமுறை கண் சிமிட்டியது. சோலைமலை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

அவள் தட்டினாள். திரையில் பெயர் வந்து நின்றது. கிளை இல்லை, இலை இல்லை.

"இப்ப வாசிச்சு சொல்லுங்க அண்ணே. சரின்னா அடிக்கிறேன்."

"நீங்களே பார்த்துட்டீங்கல்ல? அடிங்க."

"நான் ஊகிச்சதுதானே? ஆள் வாசிக்காம இந்தக் கடையில எதுவும் அச்சுக்குப் போகாது. போன மாசம் ஒருத்தர் சும்மா தலையாட்டிட்டுப் போயி, கல்யாண பேனர்ல மாப்பிள்ள பேரு மாறிருச்சு."

"மாமா, நீங்க வாசிங்க," என்றான் என்னிடம்.

"கண்ணாடி வீட்டுல," என்றேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

அவன் உட்கார்ந்தான். எழுந்தான். திரையின் அருகே போனான்.

"சோலைமலை..." நின்றான். "வேலாயி. ஹோட்டல். எங்க அக்கா பேரு. வேலாயி. சரியாத்தான் இருக்கு."

"சத்தமா சொல்லச் சொல்லுங்க, மழையில ஒன்னும் கேக்கல," என்றது என் சட்டைப் பை.

போனை வெளியே எடுத்தேன். எப்படியோ உள்ளே கிடந்தபடியே அது பக்கத்து வீட்டை அழைத்திருந்தது. இந்தக் காலத்துப் போன்கள் அப்படி.

சோலைமலை என்னைப் பார்த்தான். பிறகு போனை வாங்கிக்கொண்டான். "அக்கா..."

"அந்த மரம் இன்னும் நிக்குதாடா?"

"நிக்குது."

"அப்ப பலகைய ஒரு முழம் கீழ எறக்கி மாட்டு. காலையில உளுந்து ஊறவெச்சிட்டுத்தான் வருவேன்."

பிரியந்தி அச்சு மெஷினைத் தட்டிவிட்டாள். அன்று முதல் தடவையாக அவன் அந்த நாற்காலியில் முழுதாக உட்கார்ந்தான். அது உடைந்தது.