பதினோரு மருந்தும் ஒரு குற்றவாளியும்

"பதினோரு மருந்து ஒத்துக்காதுன்னா நான் எதை வச்சு மயக்கம் கொடுக்கறது? கிருமி வராம இருக்க எதைப் போடறது? என்னால முடியாதும்மா."

மயக்க மருந்து டாக்டர் கோப்பை மூடிவிட்டார். துணி தைத்துப் பிழைக்கும் தையலக்காவின் இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை இரண்டாவது முறையாகத் தள்ளிப்போனது. தையல் இயந்திரத்தின் மிதியில் கால் வைத்தாலே உயிர் போகிற வலி. அது எட்டு மாதமாகப் போர்வைக்குள் கிடக்கிறது.

"இவளுக்கு ஒத்துக்கற ஒரே ஆள் நான்தான்" என்றார் அவள் வீட்டுக்காரர்.

"அதையும் இன்னும் டெஸ்ட் பண்ணிப் பார்க்கல" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், கண் கலங்கியிருந்தது.

நான் இந்த ஆஸ்பத்திரியின் மருந்தாளர். எனக்குக் கோபம் மூக்குநுனியில் என்பார்கள். பொய்யில்லை. "சார், எனக்கு ரெண்டு வாரம் கொடுங்க. பட்டியலை நான் சரிபார்த்துத் தர்றேன்" என்று அவள் கோப்புகள் மூன்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன்.

அடேயப்பா, என்ன கோப்பு! ஒருவர் எழுதியதை இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தெழுதியிருந்தார்கள். பெனிசிலின் ஏழு பக்கங்களில் இருந்தது. தேடிப் போனால் அந்த ஏழுக்கும் தாய் ஒரே வரி: 'சிறு வயதில் வாந்தியாம்.' நான் ஒரு தாளில் கட்டம் போட்டேன். எந்த மருந்து, என்ன ஆனது, எத்தனை நிமிடத்தில், எவ்வளவு கடுமை, பிறகு எப்போதாவது சாப்பிட்டாளா. அப்புறம் அக்காவையும் வீட்டுக்காரரையும் உட்கார வைத்துக் கேட்டேன்.

நான்கு வலி மாத்திரைகள், பெயர் நான்கு, மருந்து ஒன்றே, வந்தது வயிற்றெரிச்சல். அது பக்கவிளைவு, ஒவ்வாமை இல்லை. இருமல் மருந்துக்குத் தூக்கம். பெனிசிலின் இனத்து மாத்திரையைப் போன வருடம்தான் ஒரு வாரம் விழுங்கியிருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை. மீன் சாப்பிட்டு வாந்தி எடுத்தாள் என்று மீனில் அயோடின் உண்டே என்று மீனோடு சேர்த்து, கிருமி கொல்லத் தோலில் தடவும் அயோடினையும் எழுதி வைத்திருந்தார் ஒரு புண்ணியவான்.

"அன்னிக்கு நானும்தாங்க வாந்தி எடுத்தேன். மீனே கெட்டுப்போச்சு" என்றார் வீட்டுக்காரர். அதற்குப் பிறகு இருவரும் பலமுறை மீன் சாப்பிட்டிருக்கிறார்கள்.

எட்டு போய் மூன்று மிஞ்சின. மூன்றும் விளையாட்டில்லை. பிரசவத்தில் சிறுநீர்க் குழாய் வைத்ததும் உடம்பெல்லாம் தடிப்பு. 'ரப்பர்' என்று எழுதியிருந்தது. பித்தப்பை அறுவையில் ரத்த அழுத்தம் அடியோடு சரிந்தது. 'செஃபசோலின்' என்ற ஆன்டிபயாடிக் மேல் பழி. பல் டாக்டரிடம் உதடு வீங்கியது, 'மரப்பு ஊசி.'

"அந்த ஊசி போட்டு எவ்வளவு நேரத்துல வீங்குச்சு அக்கா?"

"ஊசியா? அது போடவே இல்லையே! வாய் கொப்பளிக்கச் சொன்னாங்க, கொப்பளிச்சதுமே வீங்கிடுச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பித்தப்பை அறுவையின் மயக்கக் குறிப்பை எடுத்தேன். ஆன்டிபயாடிக் ஒன்பது பத்துக்கு ஏறியிருக்கிறது. அழுத்தம் சரிந்தது ஒன்பது ஐம்பதுக்கு. நாற்பது நிமிடம் அது என்ன தூங்கிக்கொண்டா இருந்தது? ஒன்பது நாற்பத்தைந்துக்குத்தான் சிறுநீர்க் குழாய் செருகியிருக்கிறார்கள். குழாயில் தடவிய ஜெல், வாய் கொப்பளித்த திரவம், பிரசவத்தில் தடவிய ஜெல். பழைய சப்ளை பதிவேட்டையும் பல் டாக்டரையும் கேட்டுப் பெயர்களை வாங்கினேன். மூன்றிலும் ஒரே கிருமிநாசினி: குளோர்ஹெக்சிடின்.

ஆனால் நான் நினைத்தால் ஆயிற்றா? ஒவ்வாமை டாக்டரிடம் அனுப்பினேன். தோலில் சொட்டு விட்டுக் குத்திப் பார்த்தார், ரத்தமும் சோதித்தார். குளோர்ஹெக்சிடின் விட்ட இடம் மட்டும் தடித்தது. ரப்பர், மரப்பு மருந்து, செஃபசோலின், மூன்றும் சும்மா கிடந்தன. செஃபசோலினைப் பக்கத்திலேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி முழு அளவும் கொடுத்தார். அக்கா கொட்டாவி விட்டாள், அவ்வளவுதான். பட்டியலில் அவரே கையெழுத்திட்டார்.

மயக்க மருந்து டாக்டர் அதை வாங்கி உரக்கப் படித்தார். "ஒவ்வாமை: குளோர்ஹெக்சிடின். உடனடி வகை, உயிருக்கு ஆபத்தான அளவு, சோதனையில் உறுதி. வலி மாத்திரை: பக்கவிளைவு, வயிற்றெரிச்சல், லேசானது." தாளைத் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்."

"அப்ப புதன்கிழமை முதல் கேஸ் இவங்கதான்."

எனக்கு அங்கேயே குதிக்கவேண்டும் போலிருந்தது. புதன்கிழமை தோலை அயோடினால் துடைத்தார்கள், சாதாரண ஜெல் வைத்தார்கள், செஃபசோலின் போட்டார்கள். மூட்டு மாற்றி முடித்தார்கள். ரத்த அழுத்தம் அசையவில்லை.

மறுநாள் காலை நான் வார்டுக்குப் போனபோது புதிதாக வந்த நர்ஸ், அக்காவின் கையில் மருந்தேற்றும் ஊசிக் குழாயைத் துடைக்க, கிருமிநாசினி நனைத்த துடைப்பானின் பொட்டலத்தைப் பிரிக்கப் போனாள். அக்கா சட்டென்று கையைத் தூக்கினாள்.

"இரும்மா. அதுல குளோர்ஹெக்சிடின் இருக்கான்னு பாரு. எனக்கு ஆகாதது அது ஒண்ணுதான்."

நர்ஸ் பொட்டலத்தைத் திருப்பிப் படித்தாள். "இருக்குக்கா" என்று வேறு எடுக்க ஓடினாள்.

அக்கா நடைச்சட்டத்தைப் பிடித்து எழுந்தாள். ஒரு அடி, இரண்டு, கதவு வரை போய்விட்டாள். இயந்திரத்தின் மிதியை மிதிப்பதுபோல் வலது காலை அங்கேயே இருமுறை மிதித்துப் பார்த்தாள்.

"அந்த வலி இல்லைங்க" என்றாள் வீட்டுக்காரரிடம்.